கடைசி வாங்குக்கும் எழுத்துத் தெரிய: திறன்பலகையின் வெளிச்சம், தொடுகை, எழுத்தளவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். எங்கள் தரம் 8 வகுப்பறைச் சுவரில் 65 அங்குலத் திறன்பலகை ஒன்று பூட்டியிருக்கிறது. அது வந்த முதல் தவணையில் கடைசி இரண்டு வாங்குப் பிள்ளைகள் முன்னால் இருப்பவர்களின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியவர ஒரு தவணை போயிற்று. அதன் பிறகு அளந்தும், மாற்றியும், பிள்ளைகளிடம் கேட்டும் கண்டுகொண்டவற்றை, மற்றப் பாடசாலை ஆசிரியர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சேர், லைட்டை நூறுக்குக் கூட்டிப் போட்டும் பின்னுக்கு இருக்கிற பிள்ளைகள் தெரியல்ல எண்டுதான் சொல்லுதுகள். இன்னும் எவ்வளவு கூட்டுற?

கூட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் கடைசி வாங்கில் போய் உட்காருங்கள். நின்றபடி பார்த்தால் சரியாகத் தெரியாது, பிள்ளையின் கண் இருக்கும் உயரத்துக்கு உங்கள் கண்ணும் வர வேண்டும். போகுமுன் பலகையில் வழக்கமாக நீங்கள் பாவிக்கும் எழுத்தளவில் மூன்று சோடிச் சொற்களை எழுதி வையுங்கள்: கொடி, கோடி. எரி, ஏரி. கிரி, கீரி. தமிழில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்குவது ஒரு சின்னச் சுழியும் ஒரு சின்னக் காலும்தான். ஆங்கில எழுத்துத் தெரிகிற தூரத்தில் தமிழ் எழுத்தும் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் கொம்பின் மேற்சுழி அதற்கு வெகு முன்னதாகவே கரைந்துபோகும். பிள்ளை வசனத்தின் போக்கை வைத்து ஊகித்து வாசித்துவிடும். புதிய சொல் வரும்போதுதான் பிழைக்கும்.

வாங்கில் இருந்து பார்க்கும்போது சுழிகள் மட்டும் கரைந்து, எழுத்து கறுப்பாகவும் பின்னணி வெள்ளையாகவும் நன்றாகத் தெரிந்தால் குறை எழுத்தின் அளவில் இருக்கிறது. எழுத்து முழுவதும் சாம்பல் படிந்தது போல மங்கி, பலகையில் யன்னலோ வானமோ தெரிந்தால் அது பளபளப்பின் வேலை. பளபளப்பு ஒன்றுமில்லாமல் பலகை முழுவதும் இருண்டு கிடந்தால் மட்டுமே வெளிச்சம் போதவில்லை என்று சொல்லலாம். நான் பார்த்த வகுப்பறைகளில் பெரும்பாலும் முதலாவதுதான் குறை, அதற்கு அடுத்தது இரண்டாவது. நாம் கை வைப்பதோ எப்போதும் மூன்றாவதில்.

எழுத்து எவ்வளவு பெரிசா இருக்கவேணும் எண்டு ஒரு கணக்கு இருக்கா?

இருக்கிறது, மனக்கணக்காகவே போடலாம். பலகையிலிருந்து கடைசிப் பிள்ளையின் கண் வரை உள்ள தூரத்தை இருநூறால் வகுத்துக்கொள்ளுங்கள். வருவதுதான் எழுத்தின் உயரம். காட்சித்திரை அமைப்பவர்கள் பொதுவாகக் கையாளும் அளவு இது.

எங்கள் வகுப்பில் கடைசி வாங்கு 7 மீற்றரில் இருக்கிறது. 7000 மில்லிமீற்றரை 200 ஆல் வகுத்தால் 35 மில்லிமீற்றர். மூன்றரைச் சென்ரிமீற்றர் என்றால் ஒரு தீப்பெட்டியின் அகலம் அளவில் வரும். நம்ப முடியாத பெரிய எழுத்தாகப் பலகையருகே நிற்கும்போது தோன்றும். கடைசி வாங்கில் அது சாதாரணப் புத்தக எழுத்துப் போலத்தான் இருக்கும்.

எதை அளப்பது என்பதில் ஒரு கவனம் வேண்டும். நான் எப்போதும் ‘ப’ வை அளக்கிறேன். மேலே கொம்பில்லை, கீழே வாலில்லை, அடிமட்டத்தை வைத்தால் நேரே வாசிக்கலாம். ‘ப’ 35 மில்லிமீற்றர் இருந்தால் மேற்சுழியும் புள்ளியும் தாமாகவே போதிய அளவுக்கு வந்துவிடும். கணினியில் தெரியும் எழுத்தளவு எண்ணை நம்பாமல் அடிமட்டத்தை நம்பச் சொல்வதற்குக் காரணம், ஒரே எண்ணில் பாமினி ஓர் அளவாகவும், லதா இன்னோர் அளவாகவும், நிர்மலா வேறோர் அளவாகவும் வருவதுதான். கண்ணாடியில் அடிமட்டத்தின் ஓரம் கீறாமல் இருக்க ஒரு கடதாசியை இடையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோட்டின் தடிப்பையும் பாருங்கள். மெல்லிய கோடுள்ள எழுத்துரு உயரமாக இருந்தாலும் தூரத்தில் நரைத்துவிடும். கையால் எழுதும்போது பேனைத் தடிப்பை நடுவில் உள்ளதற்கு ஒரு படி மேலே வைத்து, எழுத்தை உள்ளங்கை அகலத்துக்கு எழுதுங்கள். ஓடும் பாடத்தில் கையெழுத்து எப்படியும் சிறுத்துக்கொண்டே போகும், அதற்கும் சேர்த்துத்தான் அந்த அளவு.

நான் பவர்பொயின்ற்ல 28 தான் போடுறனான். அது காணாதா?

65 அங்குலப் பலகைக்கும் 7 மீற்றர் வகுப்புக்கும் காணாது. கணக்கைப் பாருங்கள். அகலமான ஸ்லைட் ஒன்று கணினிக்குள் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் அகலம் கொண்டது. 65 அங்குலப் பலகையின் அகலம் 144 சென்ரிமீற்றர். அப்படியானால் எல்லாமே நாலே கால் மடங்கு பெரிதாகத் தெரிகின்றன. ‘ப’ வின் உயரம் பொதுவாக எழுத்தளவில் ஏறத்தாழப் பாதி. இவற்றைச் சேர்த்துப் பெருக்கினால் எழுத்தளவின் ஒவ்வோர் எண்ணுக்கும் பலகையில் முக்கால் மில்லிமீற்றர் வரும். 28 போட்டால் 21 மில்லிமீற்றர். நமக்கு வேண்டியது 35. அதற்கு 48 போட வேண்டும்.

86 அங்குலப் பலகை கிடைத்தவர்களுக்குக் கணக்கு இன்னும் இலகு: ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். அதே தூரத்துக்கு 36 போதும்.

48 போட்டால் ஒரு ஸ்லைட்டில் ஆறு வரிக்கு மேல் நிற்காது. முதலில் எனக்கு அது பெரிய இடைஞ்சலாகத்தான் இருந்தது. பழைய ஸ்லைட் ஒன்றை மூன்றாகப் பிரிக்க வேண்டி வந்தது. ஆனால் இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. 65 அங்குலம் 7 மீற்றருக்குக் காட்டக்கூடியது ஆறு வரிதான், ஏழாவது வரியை நாம் போட்டால் அது முன் வாங்குக்கு மட்டும் போட்டதாகிவிடும். அந்த ஆறையும் மேற்பக்கமாக வைத்து, அடியில் ஒரு கால்வாசியை வெறுமையாக விடுங்கள். முன்னால் இருப்பவர்களின் தலைகள் மறைப்பது அந்தப் பகுதியைத்தான்.

பாடப்புத்தக பீடிஎஃப்பைப் போட்டால் ஆருக்கும் விளங்குதில்ல. அதை எப்படிப் பெரிசாக்கிற?

முழுப் பக்கத்தையும் ஒரேயடியாகக் காட்டினால் எந்தச் செட்டிங்கும் உதவாது. 65 அங்குலப் பலகையின் உயரம் 81 சென்ரிமீற்றர். அதில் ஒரு பக்கம் முழுவதும் அடங்கினால் புத்தக எழுத்து இரண்டரை மடங்குதான் பெரிதாகும். புத்தகத்தில் 2 மில்லிமீற்றரில் இருக்கும் ‘ப’ பலகையில் 5 மில்லிமீற்றர் ஆகும். பக்கத்தின் அகலத்தைப் பலகையின் அகலத்துக்கு இழுத்தாலும் 14 தான். 35 க்கு வர வேண்டுமானால் பக்கத்தின் ஒரு மூலையை மட்டும்தான் காட்ட முடியும்.

அதனால் நான் வாசிப்புப் பந்தியைப் பலகையில் போடுவதை விட்டுவிட்டேன். பந்தி பிள்ளையின் மேசையில் புத்தகமாகவே இருக்கிறது. பலகையில் வருவது அந்தப் பக்கத்தின் படம், வரைபடம், அட்டவணையின் ஒரு நிரை. தேவையான துண்டை மட்டும் படமாக வெட்டி வெள்ளைப் பக்கத்தில் ஒட்டி, அதன் பெயர்களை மட்டும் நானே பெரிதாக எழுதுகிறேன். வாவியின் குறுக்குவெட்டுப் படத்தில் பதினான்கு பெயர்கள் இருந்தால், அன்று படிப்பிக்கும் ஐந்தைத்தான் எழுதுவேன்.

இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பக்கத்தை அங்கும் இங்கும் இழுப்பதைத் தவிருங்கள். இழுக்கும் ஒவ்வொரு தடவையும் பின்னால் இருக்கும் பிள்ளை தான் வாசித்த இடத்தைத் தொலைத்துவிடுகிறது.

வீட்டில பாமினியில அடிச்ச பாடம், பலகையில போட்டதும் ஆங்கில எழுத்தாக் கிடக்கு. பழுதா?

பழுதில்லை. பலகைக்குள் இருக்கும் அன்ட்ரொய்ட்டில் பாமினி இல்லை, அதனால் அடியில் இருக்கும் ஆங்கில விசைகளை அப்படியே காட்டுகிறது. வீட்டிலேயே பீடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டுவாருங்கள், எழுத்துரு கோப்புக்குள்ளேயே வரும். புதிதாக அடிப்பதானால் யுனிகோட்டில் அடித்துவிடுங்கள்.

மடிக்கணினியை மாட்டினா எழுத்தும் ஐக்கனும் எறும்பு மாதிரித் தெரியுது.

பலகை 3840 × 2160 புள்ளிகளைக் கொண்டது என்று மடிக்கணினி கண்டுகொண்டு, அத்தனையையும் பாவிக்கிறது. `Settings` இல் `System`, அதில் `Display` போய், பலகையைக் குறிக்கும் பெட்டியைத் தெரிந்து, `Scale` ஐ 300% ஆக்குங்கள். பழைய மடிக்கணினி திணறினால் `Display resolution` ஐ 1920 × 1080 ஆக்கி `Scale` ஐ 150% இல் விடுங்கள், கண்ணுக்கு அதே அளவுதான் வரும். இணையப் பக்கத்துக்கு `Ctrl` உடன் `+` போதும். பலகையின் சொந்த `Settings` இல் உள்ள `Font size` பலகையின் மெனு எழுத்தைத்தான் மாற்றும். பாடத்தைத் தொடாது.

காலமை முதல் ரெண்டு பாடமும் இடப்பக்கப் பிள்ளைகளுக்கு ஒண்டும் தெரியுதில்ல. பத்து மணிக்குப் பிறகு சரி. ஏன்?

பலகை அவர்களுக்குக் கண்ணாடியாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பலகையை அணைத்துவிட வேண்டும். முதல் பாட நேரத்தில் அணைத்துவிட்டு, முறைப்பாடு சொல்லும் பிள்ளையின் இடத்தில் இருந்து அந்தக் கறுப்புத் திரையைப் பாருங்கள். அதில் என்ன தெரிகிறதோ அதுதான் எழுத்தின் மேல் படிந்திருக்கிறது. எங்கள் வகுப்பில் இருந்தது கிழக்குப் பக்க அரைச்சுவரின் மேல் உள்ள திறப்பும் அதற்கப்பால் வானமும். வாவிக்கு மேலே வெயில் ஏறும் நேரத்தில் அந்த வானம் முழுவதும் திரையின் வலப்பாதியில் விழுந்திருந்தது.

லைட்டைக் கூட்டி இதை வெல்ல முடியாது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். இப்படியான பலகைகளின் வெள்ளை சதுர மீற்றருக்கு 400 கண்டெலா அளவில் ஒளிரும். காலை வானம் 5000 கண்டெலாவைச் சாதாரணமாகத் தொடும். கண்ணாடி அதில் நூற்றுக்கு நாலைத் திருப்பி அனுப்பினாலும் அது 200. இப்போது கறுப்பு எழுத்து இருக்கும் இடமும் 200 இல் ஒளிர்கிறது, வெள்ளை 600 இல். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில் மூன்று மடங்குதான் வித்தியாசம். அந்தத் திறப்பை மறைத்து, திரையில் விழுவதை 500 கண்டெலாவுக்குக் கொண்டுவந்தால் கறுப்பு 20 ஆகிறது, வித்தியாசம் 21 மடங்காகிறது. செட்டிங்கில் கை வைக்கவேயில்லை.

எல்லா யன்னலையும் மூடத் தேவையில்லை, மூடினால் வெக்கையில் பிள்ளைகள் இருக்கவும் மாட்டார்கள். கறுப்புத் திரையில் தெரிந்த ஒரே ஒரு திறப்பை மறைத்தால் போதும். நாங்கள் தடித்த கடும் நிறத் துணியொன்றைக் கம்பியில் மாட்டியிருக்கிறோம். காலையில் இழுத்துவிட்டு இடைவேளைக்குப் பிறகு ஒதுக்கிவிடுவோம். சில்லுப் பூட்டிய தாங்கியில் பலகை நின்றால் இன்னும் இலகு, ஒரு பக்கத்தைச் சற்றே திருப்புங்கள். பலகை 5 பாகை திரும்பினால் பிம்பம் 10 பாகை நகரும். பலகைக்கு நேர் எதிரே எரியும் ரியூப் லைட்டையும் அணைத்துப் பாருங்கள்.

பின்னணி நிறத்தையும் மாற்றுங்கள். பல பலகைகளின் எழுதும் பக்கம் கரும்பச்சையிலோ கறுப்பிலோதான் திறக்கும். கரும்பலகைப் பழக்கத்தில் நமக்கும் அது பிடிக்கும். பகல் வெளிச்சத்தில் கறுப்புப் பின்னணிதான் கண்ணாடியாக வேலை செய்கிறது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பாலோ கடும் நீலத்தாலோ எழுதினால் மிஞ்சிய பிம்பமும் கரைந்துவிடும்.

Backlight எண்டும் இருக்கு, Brightness எண்டும் இருக்கு. எதைக் கூட்டவேணும்?

`Backlight` ஐ. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு அதுதான். `Brightness` என்று பெயர் இருந்தாலும், இரண்டும் ஒரே மெனுவில் வரும்போது அது கறுப்பை எவ்வளவு வெளிறச் செய்வது என்பதைத்தான் மாற்றுகிறது. அதை நூறுக்கு ஏற்றினால் கறுப்பு எழுத்து சாம்பலாகும், பின்வாங்குக்கு நிலைமை இன்னும் மோசமாகும். `Brightness`, `Contrast` இரண்டையும் தொழிற்சாலை விட்ட இடத்திலேயே விடுங்கள். யாராவது மாற்றிவிட்டிருந்தால் `Picture` மெனுவில் `Reset` கொடுங்கள். உங்கள் பலகையில் `Brightness` ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதுவே விளக்கைக் கட்டுப்படுத்தும், பயமில்லாமல் மாற்றலாம்.

எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு வெள்ளைக் கடதாசி போதும். பலகையின் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வாங்கில் ஒருவரை இருத்திக் கேளுங்கள். பலகையின் வெள்ளை கடதாசியைவிடக் கொஞ்சம் பிரகாசமாக இருந்தால் சரி. கடதாசி பக்கத்தில் அழுக்காகத் தெரியுமளவுக்குப் பலகை எரிந்தால் அது கூடிப்போயிற்று. முன் வாங்குப் பிள்ளைகள் கண்ணைக் கசக்குவதற்குக் காரணம் அதுதான். எங்கள் வகுப்பில் வெயிற்காலக் காலையில் 90 உம், மாரி இருட்டில் 55 உம் அளவாக இருக்கின்றன. உங்கள் அறைக்கு அந்த எண்கள் பொருந்த வேண்டும் என்றில்லை.

சரியா வைச்சிட்டுப் போனா, கொஞ்ச நேரத்தில தானா இருளுது. ஆர் மாத்திற?

பலகையேதான். முகச் சட்டத்தில் ஒளியை உணரும் சின்னக் கறுப்புக் கண் ஒன்று இருக்கும். அறை இருட்டாக இருக்கிறதென்று அது நினைத்தால் விளக்கைக் குறைத்துவிடும். அதன் மேல் வெண்கட்டித் தூள் படிந்திருக்கிறதா, பொருட் பதிவு இலக்கத்தை யாராவது அங்கே ஒட்டிவிட்டார்களா என்று பாருங்கள். எங்கள் பலகையில் இலக்கம் அதன் மேலேதான் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு பக்கத்தில் வெயிலும் மற்றப் பக்கத்தில் இருட்டுமாக இருக்கும் நம் வகுப்பறைகளில் இந்தக் கண் எப்படியும் குழம்பும் என்பதால், நான் `Auto brightness` ஐயும் `Eco` ஐயும் நிறுத்திவைத்திருக்கிறேன். பெயர் பலகைக்குப் பலகை கொஞ்சம் மாறும்.

தொடுற இடம் ஒண்டு, கோடு விழுற இடம் வேறொண்டு. கலிபிரேட் பண்ணத்தானே வேணும்?

பொறுங்கள், பெரும்பாலும் வேண்டியதில்லை. முதலில் மடிக்கணினியைக் கழற்றிவிட்டு, பலகையின் சொந்த எழுதும் பக்கத்தில் ஒரு கோடு இழுங்கள். அங்கே கோடு விரல் நுனியிலேயே விழுந்தால் பலகையின் தொடுகை சரி. குறை மடிக்கணினியின் படம் பலகையை நிரப்பும் விதத்தில் இருக்கிறது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பழைய மடிக்கணினியை மாட்டினோம். நடுவில் தொட்டால் நடுவிலேயே விழுந்தது. ஓரத்துக்குப் போகப் போக விலகல் கூடியது, இடது ஓரத்தில் பதின்மூன்று சென்ரிமீற்றருக்கு மேல். ஒரு பிள்ளை இடது ஓரத்துப் பொத்தானை மூன்று தடவை தொட்டு, மூன்று தடவையும் வேறு ஏதோ திறந்ததைப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. பார்த்தால் மடிக்கணினி 1024 × 768 இல் இருந்தது. அந்தப் படம் அகலத்தில் குட்டை. அதனால் 144 சென்ரிமீற்றர் பலகையில் 108 சென்ரிமீற்றரை மட்டும் நிரப்பி, இரு பக்கமும் 18 சென்ரிமீற்றர் கறுப்புப் பட்டை விட்டிருந்தது. தொடுகைக்கு அந்தப் பட்டை தெரியாது, அது முழுப் பலகையையும் படமாகவே எண்ணுகிறது. படத்தின் இடது ஓரத்தைத் தொட்டால், ‘பலகையின் எட்டில் ஒரு பங்கு உள்ளே தொட்டாய்’ என்று கணினிக்குச் சொல்கிறது. 108 இன் எட்டில் ஒரு பங்கு பதின்மூன்றரை. விலகல் அதுதான். அப்போது கலிபிரேட் பண்ணியிருந்தால் அந்த மடிக்கணினிக்கு மட்டும் ஏதோ சமாளித்து, மற்ற எல்லாவற்றையும் குழப்பியிருப்போம். 1920 × 1080 ஆக்கியதும் பட்டையும் போயிற்று, விலகலும் போயிற்று, அகலமான ஸ்லைட்டின் எழுத்தும் பெரிதாயிற்று.

புள்ளி உள்ளே போகாமல், தொட்ட இடத்திலிருந்து வெளியே தள்ளி ஓரத்தை நோக்கி விழுந்தால் எதிர்மாறான குறை: பலகை படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டியிருக்கிறது. மடிக்கணினியின் பணிப்பட்டை பாதி மறைந்திருப்பதில் இதை அறியலாம். பலகையின் `Aspect` மெனுவில் `Point to Point` அல்லது `Just Scan` என்று இருப்பதைத் தெரியுங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் மட்டும்தான் கலிபிரேட் பண்ணும் வேலை இருக்கிறது.

பலகையைத் தொட்டா மடிக்கணினித் திரையிலதான் அம்புக்குறி ஓடுது.

இரண்டு திரையும் தனித்தனியாக, அதாவது `Extend` ஆக இருக்கும்போது, எந்தத் திரைக்குத் தொடுகை உரியது என்று விண்டோஸ் தவறாக எண்ணிக்கொண்டது. `Windows` விசையுடன் `R` ஐ அழுத்தி இதை அடியுங்கள்:

```
MultiDigiMon.exe -touch
```

திரை வெள்ளையாகி, ‘இதுதான் தொடுதிரை என்றால் தொடு’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். செய்தி பலகையில் வந்தால் பலகையைத் தொடுங்கள். மடிக்கணினியில் வந்தால் தொடாமல் `Enter` அழுத்துங்கள், அடுத்தது பலகைக்கு வரும். தொட்டும் ஒன்றுமே நடக்காவிட்டால் படம் கொண்டுவரும் எச்டிஎம்ஐ வயர் மட்டும் மாட்டியிருக்கும். தொடுகைக்கு `TOUCH` என்று எழுதியிருக்கும் துளையிலிருந்து யூஎஸ்பி வயர் தனியாக வர வேண்டும். அது 5 மீற்றருக்கு மேல் நீண்டால் தொடுகை விட்டு விட்டுத்தான் வேலை செய்யும்.

கலிபிரேட் பண்ணத்தான் வேணும் எண்டா எப்படிப் பண்ணுற?

படத்தின் அளவு, பட்டை எல்லாம் சரியான பிறகுதான். விண்டோஸின் `Control Panel` இல் `Tablet PC Settings` ஐத் திறந்து, பலகையைத் தெரிந்து, முதலில் `Reset` கொடுங்கள். பாதிப்பேருக்கு அதுவே போதும். போதாவிட்டால் `Calibrate`. திரையில் ஒவ்வொன்றாக வரும் குறுக்குக்கோட்டின் நடுவைப் பேனை நுனியால் தொட்டு, அசையாமல் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு குறுக்குக்கோட்டுக்கும் நீங்கள் நகர்ந்து அதன் நேர் முன்னே நில்லுங்கள். தொடுகை பதிவாவது கண்ணாடிக்கு மேலே, படம் இருப்பதோ கண்ணாடிக்குப் பின்னே. சாய்ந்து பார்த்தால் அந்த இடைவெளி விலகலாகத் தெரியும், அந்த விலகலையே சரி என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவீர்கள். தரம் 1, 2 பிள்ளைகள் மேலே உள்ள பொத்தானைச் சற்றுத் தவறவிடுவதும் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதால்தான். அதற்கு மருந்து பொத்தானைக் கீழே வைப்பது.

கச்சான் அடிக்கத் தொடங்கினாப் பிறகு கோடு இடையில விட்டுப் போகுது. சிலநேரம் ஆரும் தொடாமலே எழுதுது.

பெரும்பாலான பலகைகளில் தொடுகையை உணர்வது கண்ணாடி இல்லை. சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் கண்ணாடிக்குச் சில மில்லிமீற்றர் மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் அவற்றை மறிக்கும் இடம்தான் தொட்ட இடம். கச்சான் காற்றில் அரைச்சுவரைத் தாண்டி வரும் புழுதியும் வெண்கட்டித் தூளும் கீழ்ச் சட்டத்தின் விளிம்பில் படிந்தால் அந்த இடத்துக் கதிர்கள் மங்கிவிடும்.

மேல் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மெதுவாக ஒரு கோடும், அதற்குக் குறுக்கே இன்னொன்றும் இழுத்துப் பாருங்கள். பிறகு கீழே நாலைந்து நிலைக்கோடுகள். அறுபடும் இடங்கள் ஒரே நேர்வரியில் வந்தால், அந்த வரி சட்டத்தைத் தொடும் இடத்தில்தான் அழுக்கு. பலகையை அணைத்து, உலர்ந்த மெல்லிய துணியாலோ பழைய வண்ணத் தூரிகையாலோ விளிம்பு முழுவதும் துடைத்தெடுங்கள். தண்ணீரோ திரவமோ நேரே அடிக்கக் கூடாது, சட்டத்துக்குள் இறங்கிவிடும். துடைத்த பிறகும் அதே வரியில் அறுபட்டால் உள்ளே ஒரு கதிர் செத்திருக்கிறது, அது திருத்துபவரின் வேலை.

ஆள் தொடாமல் எழுதினால் கதிரை வேறு ஏதோ மறிக்கிறது: சேலைத் தலைப்பு, தொங்கும் அடையாள அட்டை, மாரியில் வெளிச்சத்துக்கு வரும் ஈசல். காலை வெயில் நேரே சட்டத்தில் விழுந்தாலும் உணரும் கண்கள் கூசி இப்படித்தான் நடக்கும். பளபளப்புக்காகத் தொங்கவிட்ட அதே துணி இதையும் நிறுத்தியது.

எல்லாம் செய்து முடிஞ்சுது சேர், பக்கத்தில இருக்கிற பிள்ளை வாசிக்குது, ஒரு பிள்ளை மட்டும் தெரியல்ல எண்டுது.

அந்தப் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். சாதாரணக் கண்ணுக்கு 7 மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் எழுத்தே தெரிய வேண்டும். நாம் காட்டுவது அதைவிட மூன்றரை மடங்கு. ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, பிறகு மற்றதைப் பொத்திக்கொண்டு அந்த ஆறு சொற்களையும் வாசிக்கச் சொல்லுங்கள், மற்றப் பிள்ளைகள் வெளியே போன பிறகு. கொடியும் கோடியும் எந்தக் கண்ணில் ஒன்றாகிறது என்று குறித்துக்கொண்டு, பெற்றோரிடம் நேரில் சொல்லி, கண் கிளினிக்குக்கு அனுப்புங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பெயரைக் கொடுத்துவையுங்கள். எங்கள் வகுப்பில் இப்படி இரண்டு பேர் இருந்தார்கள். கண்ணாடி வரும்வரை அவர்களை இரண்டாவது வாங்கில், திறப்பின் பிம்பம் விழாத பக்கமாக இருத்தியிருந்தோம்.